இறங்கினவனுக்குப் பங்கில்லை

கர்நாடகத்து மல்பேயில் காய்ச்சலோடு கரையிறங்கி பஸ் ஏறிய சொந்த மைத்துனனுக்கே பங்கு கொடுக்காத ஆள் என்றுதான் தோப்பும்படித் துறைமுகத்தில் சங்கரலிங்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். குறையாகச் சொல்வதில்லை. நேர்மைக்கு அத்தாட்சியாகவே சொல்வார்கள். அவரும் அதைக் கேட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொள்வார்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இளவயதில் கொச்சிக்கு வந்து, விசைப்படகில் ஆளாக ஏறி, ஸ்ராங்காக உயர்ந்தவர். படகை ஓட்டி, மீன் இருக்கும் இடம் பார்த்து, பிடித்ததை விற்றுப் பங்கு பிரிக்கிறவரைக்கும் ஸ்ராங்கின் பொறுப்பு. விசைப்படகில் மாதச் சம்பளம் என்பது கிடையாது. டீசலும் ஐஸும் முதலாளியின் பங்கும் போக மிஞ்சுவதுதான் ஆட்களுக்கு. படகு கரை சேர்ந்து பங்கு பிரிகிறபோது படகில் நிற்கிறவனுக்கு உண்டு. நடுவழியில் எங்காவது இறங்கிப் போனவனுக்கு இல்லை. காய்ச்சலானாலும் சரி, வீட்டில் சாவானாலும் சரி. போனவன் வேலையை மற்றவன் முதுகில் வைத்துவிட்டுப் போகிறான் அல்லவா? மைத்துனன் பாண்டித்துரை அப்படிப் போனவன். அதற்குப் பிறகு அவன் கொச்சங்காடியில் சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவனுடைய அக்காள் மூக்கம்மாள் அதைப் பற்றிக் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கேள்வி என்று சங்கரலிங்கத்துக்குத் தோன்றியதே இல்லை.

மகன் கோவிந்த் இரண்டு சீசன் அப்பாவின் படகில் ஏறினான். பிறகு, வெளிநாட்டுக் கப்பலுக்குப் போகிறேன் என்றான். செல்லானத்திலும் வைப்பினிலும் மீன்காரர் வீட்டுப் பையன்கள் நிறையப் பேர் அப்படிப் போயிருந்தார்கள். கடலில் நிற்கப் பழகின கால். அலைக்கு வாந்தி எடுக்காத வயிறு. டாலரில் சம்பளம். சங்கரலிங்கம் யோசித்துப் பார்த்தார். கப்பல்காரன் அப்பா என்பதும் ஒரு கௌரவம்தான்.

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஏஜெண்டின் ஆபீஸ். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் அவரே உடன் போனார். மருமகள் மாதுரியும் வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். தோப்பும்படியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவள். தமிழைவிட மலையாளமும் இங்கிலீஷும் நன்றாக வாசிப்பாள்.

"கப்பலுக்கு ஆள் எடுக்க கவர்மெண்ட் லைசென்ஸ் வேணும்னு சொல்றாங்களே. உங்க நம்பர் எங்க இருக்கு, சேட்டா?" என்று ஏஜெண்டைக் கேட்டாள்.

ஏஜெண்ட் சிரித்தான். "மோளே, இது ரேஷன் கடையா, போர்டுல நம்பர் எழுதி வைக்க?"

"மாதுரி," என்றார் சங்கரலிங்கம். அவ்வளவுதான் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஏஜெண்ட் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை கேட்டான். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது பின்னால்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கு. முடிந்ததும் கப்பல் முதலாளி செலவில் ஊர் திரும்பலாம். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். யார் கணக்குக்கு என்று எழுத ஒரு வரி காலியாக இருந்தது.

"வைஃபோட அக்கவுண்ட் போட்டிரட்டே?" என்றான் ஏஜெண்ட்.

கோவிந்த் மனைவியைப் பார்த்தான். சங்கரலிங்கம் தன் பாஸ்புக்கை மேசையில் வைத்தார். "வீட்டுக்கு நான் இருக்கேன்."

கப்பல் ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் கொடியில் ஓடியது. முதலாளி ஒரு நாட்டுக்காரன், கேப்டன் இன்னொரு நாட்டுக்காரன், இன்ஷூரன்ஸ் வேறொரு ஊரில். பழைய சரக்குக் கப்பல். சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. பேத்தியும் பிறந்தாள். அப்பன் வந்து காதில் சொல்லட்டும் என்று பெயர் வைப்பதைச் சங்கரலிங்கம் தள்ளிப்போட்டார்.

பிறகு பணம் நின்றது. ஒன்பது மாதம் முடிந்தது; மகன் வரவில்லை. வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் அதை அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள். முதலாளி போனை எடுப்பதை நிறுத்தினான். டீசல் தீரத் தீர ஜெனரேட்டரை மாலையில் மட்டும் போட்டார்கள். அரிசி தீர்ந்தபோது துறைமுகத்திலிருந்து யாரோ புண்ணியவான்கள் மூட்டை அனுப்பினார்கள். கேப்டனும் மற்ற நாட்டுக்காரர்களும் அவரவர் தூதரகத்தைப் பிடித்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் நான்கு இந்தியர்கள் மிஞ்சினார்கள். ஒருவன் கோவிந்த். இன்னொருவன் சங்கரலிங்கத்தின் தெருவிலேயே இருக்கும் ஷபானாவின் கணவன் நிசார், கப்பலில் சமையல்காரன்.

ஷபானா சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மாதுரியைக் கூட்டிக்கொண்டு வெலிங்டன் தீவில் கடலோடிகள் சங்கத்தின் ஆபீஸைக் கண்டுபிடித்தாள். அங்கே ஜெயலக்ஷ்மி என்கிற பாலக்காட்டு அம்மாள் இந்த வழக்குகளைப் பார்க்கிறார். இரண்டாம் தடவை போகும்போது சங்கரலிங்கமும் போனார். பெண்பிள்ளைகள் தனியாகப் போய் வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

கப்பலின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த இன்ஷூரன்ஸ் சான்றிதழை கோவிந்த் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஜெயலக்ஷ்மி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.

"இது இருக்கறதே நம்ம பாக்கியம், மாமா. முதலாளி சம்பளத்த ரெண்டு மாசம் நிறுத்தினாலே, ஆள கைவிட்டதா அர்த்தம். சாப்பாடு, தண்ணி, ஊருக்கு டிக்கெட், அதோட நாலு மாசச் சம்பளம் வரைக்கும் இன்ஷூரன்ஸ்காரன் குடுக்கணும். நாலு பேர் பேர்லயும் எழுதியாச்சு. ஒத்துண்டுட்டான்."

"நாலு மாசந்தானா? பாக்கி அதுக்கு மேல இருக்கே," என்றார் சங்கரலிங்கம்.

"மிச்சம் எங்கயும் போகாது. சம்பள பாக்கி கப்பல் மேலயே ஒட்டிண்டு இருக்கும். கோர்ட்டு ஏலம் போட்டா, பேங்க் கடனுக்கும் முன்னாடி வேலைக்காரா சம்பளம். பையன் கப்பல்ல இருந்தாலும் சரி, மட்டாஞ்சேரில சாயா குடிச்சிண்டு இருந்தாலும் சரி."

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டார். "இறங்கினாலுமா?"

"இறங்கினாலும்."

"இறங்கிப் போனவனுக்கு எவன்மா பங்கு குடுப்பான்?"

"பங்கு இல்ல மாமா, சம்பளம். இது படகு இல்ல."

"படகுன்னா என்ன, கப்பல்ன்னா என்ன? தண்ணியில நிக்குறது ரெண்டும்."

ஷபானா பொறுக்கவில்லை. "அண்ணே, அவுகதான் சட்டத்தப் படிச்சுட்டுச் சொல்லுறாக. நீங்க மல்பே கதைய எடுக்காதீய."

மல்பே என்ற சொல் காதில் விழுந்ததும் சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். ஜெயலக்ஷ்மி அவசரமாகச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேட்டுண்டு போங்கோ. நாலு பேரும் சேர்ந்து இறங்கணும். அப்போ கப்பலுக்குக் காவல் போடறது துறைமுகத்தோட தலைவலி. ஒருத்தன் தங்கினான்னா, அவன் தலைல கட்டிடுவா. நாளைக்கு பதில் போகணும்."

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் பஸ் நெரிசலில் நின்றது. மாதுரி குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு, "மாமா, அவரு இன்னிக்கு போன் பண்ணுவாரு. வான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை ஜெனரேட்டர் போட்ட நேரத்தில் கோவிந்த் அழைத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தார்கள். அடுப்படி வாசலில் மூக்கம்மாள், சுவரோரம் மாதுரி.

"அப்பா, இன்ஷூரன்ஸ் ஆளு கப்பலுக்கு வந்திருந்தாங்க. நாளைக்கு இறங்கலாம்னு சொல்றாங்க. நிசார் பாய் பெட்டிய கட்டிட்டாரு."

"முதலாளி என்ன சொல்றான்?"

"ஓனரோட ஆளு மெசேஜ் அனுப்பிச்சிருக்கான். இறங்காதீங்க, கப்பல் விலை பேசியாச்சு, கப்பல்ல இருக்கறவங்களுக்கு முழுசா செட்டில் பண்ணுவோம்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க என்னப்பா சொல்றீங்க?"

மாதுரி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தாள். "வந்துடுங்க. அந்த அம்மா தெளிவா சொல்லிட்டாங்க, இறங்கினாலும் பணம்..."

"நான் பேசிட்டு இருக்கேன்," என்றார் சங்கரலிங்கம்.

போனில் ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கோவிந்து, நீ யாரு மகன்?"

"அப்பா..."

"கரை சேருறதுக்கு முன்னாடி இறங்குனவன் நம்ம வம்சத்துல இல்ல. முதலாளியே இருன்னு சொல்றான். எவளோ ஆபீஸ்ல உக்காந்து சொல்றத நம்பி வெறுங்கையோட வந்து நின்னா, துறைமுகத்துல என் மொகத்துக்கு நேரா சிரிப்பான்க. மத்தவன் போறான்னா போகட்டும். நீ நின்னு உன் பங்க வாங்கிட்டு இறங்கு."

"சாப்பாடு சரியில்லப்பா."

"படகுல என்ன பிரியாணியா போட்டேன் உனக்கு?"

கோவிந்த் சிரித்தான். இரண்டு சீசன் அப்பாவின் கீழே வேலை பார்த்தவன். அந்தக் குரல் கேட்டால் கயிற்றை விடாத கை அவனுடையது. "சரிப்பா," என்றான்.

அடுப்படி வாசலிலிருந்து மூக்கம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எந்தம்பிக்குச் செஞ்சது பத்தாதாக்கும்?"

அவர் திரும்பிப் பார்க்கும்போது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

மறுநாள் மூன்று பேர் இறங்கினார்கள். கோவிந்த், சம்பளம் வரும்வரை என் விருப்பத்தின் பேரில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தான். துறைமுக ஆபீஸ் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது. கூடவே, கப்பலுக்குப் பொறுப்பாளி இவன் என்று பதிந்து, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டது.

நிசார் வந்து சேர்ந்த வாரத்திலேயே நாலு மாதச் சம்பளமும் ஷபானாவின் கணக்கில் விழுந்தது. விமான டிக்கெட்டுக்கு ஒரு பைசா கேட்கவில்லை. அவன் உடம்பு தேறி மசூதித் தெருவில் ஒரு ஹோட்டலில் பிரியாணி மாஸ்டராகச் சேர்ந்தான். சங்கரலிங்கம் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

விலை பேசியாச்சு என்று மெசேஜ் அனுப்பியவனின் நம்பர் உயிரில்லாமல் போனது. மிளகுக் கிடங்கு மாடி பூட்டிக் கிடந்தது. மாதுரி மறுபடி வெலிங்டன் தீவுக்கு ஓடினாள்; அவரும் கூடப் போனார். ஜெயலக்ஷ்மி சலித்துக்கொள்ளவில்லை; அதுதான் சங்கரலிங்கத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இன்ஷூரன்ஸ்காரன் இப்பவும் டிக்கெட் குடுக்கத் தயார், மாமா. துறைமுகம்தான் விடமாட்டேங்கறது. மாத்தாள் வரணும்ங்கறா. முதலாளியே இல்லாத கப்பலுக்கு மாத்தாள் யார் அனுப்புவா? தூதரகத்துக்கும் எழுதியிருக்கேன். கோர்ட்டு ஏலம் போடற வரைக்கும்..."

"அது எப்போ வரும்?"

"நான் ஒரு தேதி சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்."

ஒரு பெரிய கப்பலில் ஒற்றை ஆள். டீசல் சுத்தமாகத் தீர்ந்துபோனது. படகில் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் கோவிந்தின் போனை வாங்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றி அடுத்த தடவை கொடுத்தார்கள். முதலில் எலிகளைப் பற்றிப் பேசினான். பிறகு, இருட்டில் இரும்பு சுருங்கும்போது யாரோ நடப்பதுபோலச் சத்தம் கேட்கிறது என்றான். பிறகு பேச்சு குறைந்தது. குழந்தையைக் காட்டினால் பார்ப்பான். ஆனால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏய், ஏய்" என்பான்.

ஒரு நாள் மாதுரி பஞ்சாயத்தும் இல்லாமல் பந்தலும் இல்லாமல் நகரசபை ஆபீஸில் பேத்திக்கு சுபாஷிணி என்று பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?" என்றார் சங்கரலிங்கம்.

"அவருகிட்ட கேட்டேன், மாமா. சரின்னாரு." அவள் சாதத்தைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "உங்ககிட்ட கேட்டா கரை சேரட்டும்னு சொல்லுவீங்க."

அதற்கப்புறம் அவள் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. காக்கநாட்டில் ஐ.டி. பார்க் பக்கம் வேலை கிடைத்தது என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனாள்.

ஏலம் வந்தது. எத்தனையோ ஒத்திவைப்புகளுக்குப் பிறகு வந்தது. கப்பலை உடைத்து இரும்பாக விற்கிறவன் ஒருவன் எடுத்தான். அவன் ஆட்கள் ஏணியில் ஏறி வந்த அன்றுதான் கோவிந்தை இறங்கவிட்டார்கள். நெடும்பாசேரி விமான நிலையத்தில் சங்கரலிங்கமும் மூக்கம்மாளும் காத்து நின்றார்கள்; சற்றுத் தள்ளிக் குழந்தையோடு மாதுரி. வந்தவனைத் தாய் அடையாளம் கண்டுகொண்டாள். தகப்பனுக்குச் சற்று நேரமானது. அவன் அப்பாவின் காலைத் தொட்டான். மரியாதையில் எதையும் குறைவைக்கவில்லை. பிறகு மாதுரியின் பக்கம் போய், முகம் தெரியாதவனைப் பார்த்து அழும் மகளைத் தூக்காமல், குழந்தையின் செருப்பைக் குனிந்து சரிசெய்துவிட்டு, காக்கநாட்டுக்கு ஆட்டோ பேசினான்.

"வீட்டுக்கு வரலையாடா?"

"இல்லப்பா. கொச்சங்காடிக்குப் போனா காயல் தெரியும்."

தண்ணீரைப் பார்க்க முடியவில்லை அவனால். பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டான் என்று மாதுரி சொன்னதாக மூக்கம்மாள் பின்னால் சொன்னாள். கம்பெனி ஒன்றின் வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தான். அறைக்குள் இருக்கிற வேலை வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். ஸ்ராங்கு மகன் தொப்பி போட்டுக்கொண்டு, வருகிற கார்களுக்குக் கதவு திறந்துவிடுகிறான்.

பணமும் வந்தது. ஜெயலக்ஷ்மி சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஏலப் பணத்தில் வேலைக்காரர்களின் பாக்கியைக் கோர்ட்டு முதலில் எடுத்து வைத்தது. பாக்கி இருந்ததை நிசார் வாங்கினான். அவனோடு இறங்கிய மற்ற இருவரும் வாங்கினார்கள். அதே வரிசையில், அதே நாளில் கோவிந்தின் பாக்கியும் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதியபடி அது சங்கரலிங்கத்தின் கணக்கில் விழுந்தது.

அவர் அதைத் தனக்கென்று எடுக்கவில்லை. காசோலை எழுதி, உறையில் போட்டு, கஞ்சி போட்ட சட்டையுடன் மூக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு காக்கநாட்டுக்குப் போனார். அந்த வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. அவன் வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"உன் பங்கு," என்று உறையை நீட்டினார்.

கோவிந்த் கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பார்த்தான், வாங்கவில்லை.

"நிசார் பாய்க்கும் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"அவரு எறங்கிப் போனவரு."

சங்கரலிங்கம் உறையை நீட்டியபடியே நின்றார். உள்ளேயிருந்து மாதுரி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நான் இந்தத் தடவ கரை சேருறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்பா," என்றான் கோவிந்த். குரலில் கோபமில்லை, படகில் நின்று ஸ்ராங்குக்குப் பதில் சொல்கிற அதே மரியாதை இருந்தது. "உங்க வீட்ட விட்டு. வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுல பங்கு இல்ல."

"பேசத் தெரியாமப் பேசுறான். நீ வாங்கு மாதுரி."

"அவரு கணக்கு, மாமா. எனக்கு அப்பவே அந்த வரியில எடம் இல்லையே," என்றாள் மாதுரி.

குழந்தை இட்லிக்காக வாயைத் திறந்து காத்திருந்தது. கோவிந்த் அதற்கு ஊட்ட ஆரம்பித்தான். சங்கரலிங்கம் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது முழுவதும் போகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கெளம்பு," என்றார் மூக்கம்மாளிடம்.

"நீங்க போங்க," என்றாள் அவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டிலிருந்த மிச்ச இட்லியைப் பிட்டுப் பேத்தியின் பக்கம் உட்கார்ந்தாள். "நான் பாண்டித்துரைய வரச் சொல்லியிருக்கேன். மருமகன வந்து பாக்கணும்னு சொன்னான். அவன் வர்ற வீட்டுல நான் இருக்கணும்ல."

அவர் தனியாக பஸ் ஏறினார். கொச்சங்காடிக்குப் போகாமல் தோப்பும்படியில் இறங்கி, துறைமுக வாசலில் அவறாச்சனின் சாயாக்கடையில் உட்கார்ந்தார். படகுகள் வந்து சேர்கிற நேரம். ஏலக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்ராங்கே, கேட்டேன், கேட்டேன்," என்றார் அவறாச்சன் சாயாவை ஆற்றிக்கொண்டே. "மோனுக்கு முழுப் பணமும் கிட்டியல்லோ. பலே ஆளு."

"மத்தவன் பூரா எறங்கி ஓடிட்டான்," என்றார் சங்கரலிங்கம். முதுகு நிமிர்ந்திருந்தது. "எம் மகன் ஒருத்தன் நின்னான். கடைசி வரைக்கும் நின்னான்."

"அது ஸ்ராங்கோட ரத்தம். பின்ன, மோன் இப்ப எவிடயா? வீட்டிலுண்டோ?"

சாயாக் கிளாஸ் சூடாக இருந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வேற கப்பல் ஏறிட்டான்," என்றார்.

பக்கத்துப் பெஞ்சில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர், கோவிந்தைக் காக்கநாட்டில் தொப்பியோடு பார்த்தவர்கள், தலையைத் தூக்கவில்லை. ஸ்ராங்கின் மேல் அவர்களுக்கு இன்னமும் மரியாதை இருந்தது.